நாலு மாத்திரை முப்பது ஆன கதை: அத்தையின் மருந்துச் சீட்டு

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை போன் செய்து, "வாயெல்லாம் வெந்து கெடக்குது கண்ணு, ரசஞ்சோறுகூட எறங்க மாட்டேங்குது" என்றார். ஈரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், 61 வயது. வெயிலில் சூடு பிடித்திருக்கும், மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் மருந்தாளுநராக வேலை பார்ப்பவன், அதனால் புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா என்று கேட்டேன். போன சனிக்கிழமைதான் மூட்டு டாக்டரிடம் போய் வந்தேன், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாப்பிடுகிறேன் என்றார். முடக்குவாதத்துக்குப் புதிய மாத்திரை, அதோடு வாய்ப்புண் என்றதும் எனக்கு ஒரே ஒரு மருந்தின் பெயர்தான் நினைவுக்கு வந்தது. சீட்டு, மாத்திரை போட்டுக் கொடுத்த காகிதக் கவர், அட்டைகள், கடை பில் நாலையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

சீட்டில் இருந்தது இது.

```
T. METHOTREXATE 7.5 mg   1-0-0   OW (Sun)   x 4 wks
T. FOLIC ACID 5 mg       1-0-0   OW (Tue)   x 4 wks
T. HCQ 200 mg            0-0-1   PC         x 30 d
T. PCM 650 mg            SOS
```

இங்கே அச்சில் பார்க்கத் தெளிவாக இருக்கிறது, காகிதத்தில் அப்படி இல்லை. மருந்துப் பெயர்கள் பெரிய எழுத்தில் நன்றாகவே இருந்தன. 1-0-0 என்பதும் பளிச்சென்று இருந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு எழுத்தும் அடைப்புக்குள் இருந்த கிழமையும் சீட்டின் வலது ஓரத்தில் இடம் போதாமல் நெருக்கி எழுதப்பட்டிருந்தன. டபிள்யூ எழுத்தின் இரண்டு பள்ளமும் ஒரே சுழிப்பில் மூடிப்போய், அவசரத்தில் பார்த்தால் டி மாதிரிதான் தெரிந்தது.

அடுத்த போட்டோ காகிதக் கவர். பேனாவால் "காலை 1" என்று எழுதியிருந்தது, கிழமை எதுவும் இல்லை. பில்லில் மெதோட்ரெக்ஸேட் 7.5, எண்ணிக்கை 30. கடைசிப் போட்டோவில் பத்து மாத்திரை அட்டை மூன்று, அதில் ஒன்றில் ஆறு குழி கிழிந்து காலியாக இருந்தது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. இதற்கு மேல் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நாலு வாரத்துக்கு நாலே நாலு மாத்திரை சாப்பிட வேண்டிய மருந்து அது. ஆறு வாரத்துக்கு உரிய 45 மில்லிகிராமை அத்தை ஆறே நாளில் சாப்பிட்டிருந்தார்.

"இனிமேல் அதுல ஒண்ணுகூடப் போடாதீங்க அத்தை, நான் வர்றேன், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். வாய்ப்புண்ணுக்கு எதற்கு ராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரி என்று கொஞ்ச நேரம் வாதாடினார். பிறகு என் குரலைக் கேட்டுப் புரிந்துகொண்டார்.

இந்த மருந்தில் ஏன் இவ்வளவு பதற்றம் என்று சொல்லிவிடுகிறேன். செல்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும், ஆனால் உடம்பு அதை அப்படியே பயன்படுத்துவதில்லை, ஒரு நொதி அதை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். மெதோட்ரெக்ஸேட் அந்த நொதியைத்தான் அடைக்கிறது. புற்றுநோய்க்கு மிகப் பெரிய அளவில் கொடுக்கப்படும் இதே மருந்தை முடக்குவாதத்துக்குச் சின்ன அளவில் வாரம் ஒரு முறை கொடுக்கிறார்கள். வாரத்துக்கு 15, 20 மில்லிகிராம் என்று வருடக்கணக்கில் நல்லபடியாகச் சாப்பிடுபவர்கள் நிறைய பேர் உண்டு. ஆக, அத்தையின் உடம்பைக் கெடுத்தது 7.5 என்ற அளவு இல்லை, நடுவில் இருக்க வேண்டிய ஆறு நாள் இடைவெளி போனதுதான். அந்த ஆறு நாளில்தான் வேகமாகப் பெருகும் செல்கள், அதாவது வாயின் உள்தோல், குடலின் உள்தோல், எலும்பு மஜ்ஜை இவையெல்லாம் மீண்டு வருகின்றன. இடைவெளி இல்லாமல் தினம் விழுந்தால் முதலில் வாய் புண்ணாகும், அப்புறம் வெள்ளணுக்கள் குறையும், தட்டணுக்கள் குறையும், காய்ச்சல் வந்தால் எதிர்த்து நிற்க உடம்பில் ஆள் இருக்காது. இப்படித் தினமும் சாப்பிட்டு உயிர் போனவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். இந்தத் தவறைக் குறைக்கத்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல், வாரம் ஒரு முறை என்ற எச்சரிக்கையை அட்டைப்பெட்டியிலேயே தெளிவாகப் போட வேண்டும், மாத்திரைகளை டப்பாவில் கொட்டித் தராமல் அட்டையாகத்தான் தர வேண்டும் என்றெல்லாம் சொன்னது.

அன்று ராத்திரி எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் 2,900. சாதாரணமாக 4,000-க்கு மேல் இருக்க வேண்டும். இரண்டு நாளில் அது 2,100 வரை இறங்கி, பிறகு ஏறத் தொடங்கியது. சிறுநீரகம் நன்றாக இருந்தது பெரிய அதிர்ஷ்டம், ஏனென்றால் இந்த மருந்து வெளியேறுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். மாற்று மருந்தாக ஃபோலினிக் அமிலம் ஊசியாகப் போட்டார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கடைக்குப் போய்க் கேட்டபோது, மாத்திரை எடுத்துக் கொடுத்த பையன் சீட்டை மறுபடி பார்த்துவிட்டு, "ஓடி, தினம் ஒண்ணுன்னு நெனச்சேங்க, மத்ததெல்லாம் முப்பது இருந்துச்சு, இதுவும் முப்பதுன்னு போட்டுட்டேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. பதிவு பெற்ற மருந்தாளுநர் அந்த நேரம் கடையில் இல்லை, அதுதான் எனக்கு ஆறாத கோபம், ஏனென்றால் அவர் பார்த்திருந்தால் மருந்தின் பெயரைக் கண்டதுமே கை நின்றிருக்கும்.

சரி, சீட்டை எப்படி வாசிப்பது? நம் ஊர்ச் சீட்டுகளில் அதிகம் வருவது மூன்று எண்கள்: காலை, மதியம், இரவு, அதே வரிசை. 1-0-1 என்றால் காலை ஒன்று, இரவு ஒன்று. முன்னால் அரை என்று போட்டிருந்தால் பாதி மாத்திரை. இந்த எண்களுக்குப் பதிலாகவோ கூடவோ லத்தீனிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்த சுருக்கங்கள் வரும்.

```
OD    தினம் ஒரு முறை
BD    தினம் இரண்டு முறை
TDS   தினம் மூன்று முறை
HS    படுக்கப் போகும்போது
SOS   தேவைப்பட்டால் மட்டும்
AC    சாப்பாட்டுக்கு முன்
PC    சாப்பாட்டுக்குப் பின்
OW    வாரம் ஒரு முறை
```

கடைசி வரியை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். மற்ற சுருக்கங்களில் எது கண்ணில் தப்பினாலும் தவறு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கும்: இரண்டு வேளை மூன்று வேளையாகும், சாப்பாட்டுக்கு முன் என்பது பின் என்றாகும். அதிலும் ஆபத்து உண்டு, ஆனால் இது தப்பினால் ஒரேயடியாக ஏழு மடங்கு. இன்னொன்று, 1-0-0 என்ற முறையே ஒரு நாளைப் பற்றி மட்டும்தான் பேசும். மூன்று இடமும் ஒரே நாளின் மூன்று வேளை. வாரத்தைச் சொல்ல அதில் இடமே கிடையாது. ஆகவே வாரம் ஒரு முறை மருந்துக்கு ஒரு டாக்டர் 1-0-0 என்று பழக்கத்தில் எழுதிவிட்டால், பக்கத்தில் சின்னதாக இருக்கும் அந்த இரண்டு எழுத்தும் கிழமையும்தான் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். அத்தையின் சீட்டில் நடந்தது இதுதான். டாக்டர் எழுதியதில் பிழை இல்லை, ஆனால் பிழைக்கு வழி விட்ட எழுத்து அது.

இந்த வகை மருந்து எங்கோ அபூர்வமாக வருவது என்று நினைக்க வேண்டாம். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் வாரத்துக்கு ஒன்றுதான். எல்லோர் வீட்டிலும் இருக்கிற வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரையோ பொடியோ பெரும்பாலும் வாரம் ஒன்று என்றுதான் எழுதப்படுகிறது, அதைத் தினமும் சாப்பிட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மயக்கமுமாக வந்து படுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

எழுத்து புரியவில்லை என்றால் என்ன செய்வது? எழுத்தை விட்டுவிட்டு எண்ணிக்கைக்குப் போங்கள். ஒரு தடவைக்கு எத்தனை மாத்திரை, எத்தனை தடவை, இரண்டையும் பெருக்கிக் கையில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான். அத்தையின் சீட்டில் மூன்றாவது வரியைப் பாருங்கள்: இரவு ஒன்று, முப்பது நாள், ஆக முப்பது மாத்திரை, கையில் இருந்ததும் முப்பது, பொருந்துகிறது. முதல் வரி: வாரம் ஒன்று, நாலு வாரம், ஆக நாலு. கையில் முப்பது. அந்த ஒரு பெருக்கலைக் கடை வாசலிலேயே யாராவது போட்டிருந்தால், ஓரத்தில் இருந்தது டபிள்யூவா டியா என்று யாருக்குமே தெரியாமல் இருந்திருந்தால்கூட, ஏதோ ஒன்று இடிக்கிறது என்று தெரிந்திருக்கும். நாலு வாரம் என்பது 28 நாள், தினம் ஒன்று என்றாலும் 28 தானே வர வேண்டும், முப்பது எப்படி வந்தது என்ற கேள்வியாவது எழுந்திருக்கும். சீட்டு போதாதென்றால் பில் இருக்கிறது, அதில் மருந்தின் பெயருக்கு நேரே எண்ணிக்கை அச்சில் வரும், கையெழுத்துத் தொல்லை கிடையாது.

இதில் ஒரு குழப்பம் உண்டு. சில கடைகளில் அட்டையை வெட்டித் தர மாட்டார்கள், முழு அட்டைதான் என்பார்கள். அப்போது நாலு வேண்டிய இடத்தில் பத்து வரும். அது தவறு இல்லை, ஆனால் மிச்சம் ஆறு மாத்திரை வீட்டில் இருக்கும், அது ஏன் இருக்கிறது என்று சாப்பிடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெட்டிக் கொடுத்தால் வேறு சிக்கல்: காலாவதித் தேதியும் தயாரிப்பு எண்ணும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அடித்திருக்கும், கத்தரி அதை எடுத்துக்கொண்டு போய்விடும், சில சமயம் மருந்தின் பெயரே பாதிதான் மிஞ்சும். நான் எப்போதும் பெயர் முழுதாகத் தெரிகிற துண்டைக் கேட்டு வாங்குவேன். தேதி இல்லையென்றால் பில்லில் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

எண்ணிக்கை எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்காது. இது எங்களுக்கு ஐந்தாம் நாளே தெரிந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது இன்னும் மூன்று நாளைக்கு ஃபோலினிக் அமிலம் 15 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை வேறு கடை. கவரில் "காலை 3" என்று எழுதி, ஒன்பது மாத்திரை தந்தார்கள். ஏன் மூன்று என்று கேட்டதற்கு, "பதினஞ்சு இல்லைங்க, அஞ்சுதான் இருக்குது, மூணா சேத்துப் போட்டுக்கலாம்" என்றார்கள். கணக்கு அழகாகப் பொருந்துகிறது, மூவைந்து பதினைந்து, மூன்று நாளைக்கு ஒன்பது. அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன். ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம்.

பெயரில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம், வேலையில் பெரிய வித்தியாசம். ஃபோலிக் அமிலத்தை வேறு வடிவத்துக்கு மாற்றுகிற நொதியைத்தான் மெதோட்ரெக்ஸேட் அடைத்து வைத்திருக்கிறது என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகக்கூடியது ஃபோலினிக் அமிலம். ஃபோலிக் அமிலத்தை எத்தனை போட்டாலும் அடைத்த கதவுக்கு வெளியேதான் நிற்கும். அத்தை அந்த ஆறு நாளும் ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்துத் தினமும்தான் சாப்பிட்டிருந்தார், இருந்தும் வாய் வெந்தது.

மூன்றாவது கடையில் சரியான மருந்து கிடைத்தது. அங்கேயும் ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அட்டையில் ஃபோலினிக் அமிலம் என்ற பெயரே இல்லை. லியூகோவோரின் கால்சியம் 15 மில்லிகிராம் என்று இருந்தது. இரண்டும் ஒரே மருந்துதான். எனக்குத் தெரியும், அதனால் வாங்கிக்கொண்டேன். மருந்துத் துறையில் இல்லாதவர் ஒருவர் அங்கே நின்றிருந்தால், பெயர் பொருந்துவது போலத் தெரிந்த தவறான மருந்தை எடுத்துக்கொண்டு, பொருந்தாதது போலத் தெரிந்த சரியான மருந்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார். இதற்கு எந்தப் பெருக்கலும் உதவாது. சீட்டில் உள்ள பெயரும் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகவில்லை என்றால், "இதுவும் அதுவும் ஒரே மருந்தா?" என்று மருந்தாளுநரை நேராகக் கேட்க வேண்டும், அவர் பதிலில் தயங்கினால் எழுதிய டாக்டருக்கே போன் போட வேண்டும்.

அட்டையில் எதைப் படிப்பது என்று பலர் கேட்கிறார்கள். பெரிதாக, வண்ணத்தில் இருக்கிற பெயரை விட்டுவிடுங்கள், அது கம்பெனி வைத்த பெயர், கடைக்குக் கடை மாறும். மருந்தின் மூலப்பெயர், அதன் பின்னால் பெரும்பாலும் இந்திய மருந்துத் தொகுப்பைக் குறிக்கும் ஐ.பி. என்ற இரண்டு எழுத்து, அப்புறம் மில்லிகிராம். இப்படி ஒரு வரி இருக்கும், அதுதான் உங்கள் வரி. `Methotrexate Tablets IP 7.5 mg` என்பது மாதிரி. அதைச் சீட்டின் வரிக்குப் பக்கத்தில் வைத்து, முதலில் பெயர், பிறகு எண், புள்ளி எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். புள்ளியைச் சொல்லக் காரணம் இருக்கிறது, 7.5 என்பதில் புள்ளி மங்கினால் 75 ஆகிவிடும். சீட்டில் பெயரையே மூன்று எழுத்தாகச் சுருக்கியிருந்தால், அத்தையின் சீட்டில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் சுருங்கியிருந்தது போல, டாக்டரின் அறையை விட்டு எழுந்திருக்கும் முன்பே முழுப்பெயரைக் கேட்டு நீங்களே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்திய மருத்துவ கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தி, மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று சொன்னது. பெயருக்கு அது உதவியிருக்கிறது. எத்தனை வேளை என்பது இன்னும் பழைய சுருக்கத்திலேயே ஓடுகிறது.

வெள்ளணுக்கள் பழைய நிலைக்கு வந்து, ஆறு வாரம் கழித்து டாக்டர் அதே மெதோட்ரெக்ஸேட்டை மறுபடி ஆரம்பித்தார். அத்தைக்குப் பயம், வேண்டவே வேண்டாம் என்றார். மூட்டு வீக்கத்துக்கு இதைவிட நல்ல தொடக்க மருந்து இல்லை, தப்பு மருந்தில் இல்லை என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்தத் தடவை 1-0-0 என்று எழுதவே இல்லை. "ஞாயிற்றுக்கிழமை மட்டும் 1 மாத்திரை. மொத்தம் 4" என்று தமிழில் எழுதினார். அத்தையையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார், அவர் படித்தார்.

அதற்கு அடுத்த மாதம் 7.5 கிடைக்காமல் கடையில் 2.5 மில்லிகிராம் அட்டை கொடுத்தார்கள். அத்தை போன் செய்தார், எனக்கு முன்னால் அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார். "ரெண்டரை மூணு சேந்தா ஏழரை. ஒரு ஞாயித்துக்கு மூணு, நாலு ஞாயித்துக்குப் பன்னெண்டு. பன்னெண்டுதான் குடுத்திருக்காங்க. கவர்ல என்ன எழுதிருக்குதுன்னு படிக்கட்டுமா?" என்றார். படிக்கச் சொன்னேன். கவரில் 1-1-1 என்று எழுதியிருந்தது.

மூன்று மாத்திரை என்பதை யாரோ மூன்று வேளையாக்கியிருந்தார்கள். மருந்து சரி, மில்லிகிராம் சரி, எண்ணிக்கையும் சரி, கிழமை மட்டும் மறுபடி காணாமல் போயிருந்தது. அந்தக் கவரை நம்பிச் சாப்பிட்டிருந்தால் பன்னிரண்டு மாத்திரையும் நாலே நாளில் தீர்ந்திருக்கும். "அந்தக் கவரைக் கிழிச்சுப் போட்டுட்டேன் கண்ணு" என்றார் அத்தை. வேறு கவர் எடுத்து அதில் "ஞாயிறு 3" என்று தன் கையாலேயே எழுதி, ஃபோலிக் அமில மாத்திரை இருக்கிற டப்பாவிலிருந்து தள்ளி, சாமி அலமாரியில் தனியாக வைத்திருப்பதாகச் சொன்னார். இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். அவர் வீட்டு நாள்காட்டியில் ஞாயிறு தாளைக் கிழிப்பது இப்போது மாத்திரை போட்ட பிறகுதான். தாள் கிழியாமல் இருந்தால் இன்னும் போடவில்லை என்று அர்த்தம்.